மார்ச் 27-இலிருந்து பின்னோக்கி: இறுதியாண்டு புராஜெக்டுக்கு ரிமைண்டர் சங்கிலி — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்லைன் மார்ச் 27. இப்போது டிசம்பர் நடுவில் இருக்கிறோம். கடைசியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடு என்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

27ஆம் தேதி துறை அலுவலக மேசையில் நீங்கள் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள். "புராஜெக்ட் முடிந்திருக்க வேண்டும்" என்று எழுதினால் அதிலிருந்து பின்னால் போக வழி கிடைக்காது. "பைண்டு செய்த இரண்டு பிரதி, இரண்டிலும் கைடு கையெழுத்து, எச்.ஓ.டி. கையெழுத்து" என்று எழுதுங்கள். இது கையில் பிடிக்கக்கூடிய பொருள். இதற்கு முந்தைய நாள் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் தானாக வரும்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஊட்டியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. கோத்தகிரிப் பக்கத்தில் ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். புராஜெக்ட்: சுற்றுவட்டாரச் சிறு தேயிலை விவசாயிகள் பச்சைத் தேயிலையை எந்த ஃபேக்டரிக்குக் கொடுக்கிறார்கள், ஏன் அங்கே கொடுக்கிறார்கள். 60 விவசாயிகளை நேரில் பார்த்துக் கேள்விப் படிவம் நிரப்ப வேண்டும்.

இப்போது பின்னோக்கி வாருங்கள். இரண்டு கையெழுத்துக்கும் மூன்று வேலை நாள் ஒதுக்குகிறோம், ஏனென்றால் எச்.ஓ.டி. ஒரு நாள் மீட்டிங்கில் இருப்பார். ஆக பைண்டு செய்த பிரதி 24ஆம் தேதி செவ்வாய் மாலை கையில் இருக்க வேண்டும். பைண்டிங் கடைக்காரர் மார்ச்சில் மூன்று வேலை நாள் கேட்கிறார். அப்படியென்றால் பிரிண்ட் எடுத்த தாள்கள் 20ஆம் தேதி வெள்ளி அவரிடம் போயிருக்க வேண்டும். கைடு சொன்ன திருத்தங்களைப் போட, பக்க எண், பொருளடக்கம், அட்டவணை எண் எல்லாம் சரிபார்க்க ஐந்து வேலை நாள். ஆக கைடு படித்து முடித்துத் தாளைத் திருப்பித் தர வேண்டிய நாள் 14ஆம் தேதி சனி. அவருக்குப் படிக்க ஒன்பது நாள் வேண்டும். எனவே முழு டிராஃப்ட் அவர் கைக்குப் போக வேண்டிய நாள் மார்ச் 5, வியாழன்.

பாருங்கள், 27 என்று நினைத்துக்கொண்டிருந்த டெட்லைன் மார்ச் 5-க்கு வந்துவிட்டது. எழுத்து வேலைக்கு அதுதான் கடைசி நாள். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் 27-ஐ வட்டமிட்டிருந்தால் அதை அடித்துவிட்டு 5-ஐ வட்டமிடுங்கள்.

கைடு படிக்க ஒன்பது நாளா? நாற்பது பக்கத்தை ஒரே நாளில் படித்துவிடலாமே?

உங்கள் நாற்பது பக்கம் மட்டும்தான் என்றால் படிக்கலாம். அவரிடம் இன்னும் ஏழெட்டுப் பேரின் நாற்பது பக்கம் இருக்கிறது, இன்டர்னல் தேர்வு விடைத்தாள் இருக்கிறது. எல்லோரும் ஒரே வாரத்தில்தான் கொடுக்கிறீர்கள்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, நீங்கள் செய்யும் வேலை: எழுதுவது, அட்டவணை போடுவது, திருத்துவது. ராத்திரி கண்விழித்தால் இதைக் கொஞ்சம் சுருக்கலாம். இன்னொன்று, பிறருக்காகக் காத்திருப்பது: கைடு படிப்பது, கையெழுத்து, பைண்டிங், விவசாயி வீட்டில் இருக்கும் நேரம். இதை நீங்கள் எத்தனை ராத்திரி விழித்தாலும் சுருக்க முடியாது. நான் பார்த்தவரை மாணவர்களின் திட்டத்தில் முதல் வகை அளவுக்கு மேல் விரிவாக இருக்கும், இரண்டாவது வகை இருக்கவே இருக்காது. கடைசி வாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

காத்திருக்கும் நாளை நீங்களாக ஊகிக்காதீர்கள். அந்தந்த ஆளிடமே கேளுங்கள். "மேடம், மார்ச் முதல் வாரத்தில் முழு டிராஃப்ட் தந்தால் எப்போது திருப்பித் தருவீர்கள்?" என்று டிசம்பரிலேயே கேட்டால் அவரும் நேர்மையாக ஒரு தேதி சொல்வார். மார்ச்சில் கேட்டால் "வச்சுட்டுப் போம்மா" என்பார்.

சர்வேக்கு எத்தனை நாள் என்று எப்படிக் கணக்குப் போடுவது? அறுபது பேர் என்றால் பத்து நாள் போதுமா?

முதலில் மார்ச் 5-இலிருந்து சர்வே முடியும் நாள் வரை பின்னோக்கி வந்துவிடுவோம். மார்ச் 5-க்கு முன் ஆறு நாள் சும்மா விடுகிறோம் (ஏன் என்று கீழே சொல்கிறேன்). ஆகவே உங்கள் கணக்கில் டிராஃப்ட் முடியும் நாள் பிப்ரவரி 26. நான்காம், ஐந்தாம் அத்தியாயம், அதாவது ஆய்வு முடிவும் பரிந்துரையும் எழுதப் பத்து வேலை நாள். எனவே அட்டவணைகள் பிப்ரவரி 14-க்குள். அட்டவணைக்கு எட்டு வேலை நாள். எனவே படிவங்களை எக்செல்லில் ஏற்றி முடிப்பது பிப்ரவரி 5. அதற்கு நான்கு நாள். ஆக கடைசிப் படிவம் நிரம்ப வேண்டிய நாள் பிப்ரவரி 1, ஞாயிறு.

இப்போது உங்கள் கேள்வி. பத்து நாள் என்பது தொடர்ந்து பத்து நாள் இருந்தால்தான். உங்களுக்குக் கல்லூரி இருக்கிறது. ஊட்டியிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும், ஜனவரிக் குளிரில் யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. மிஞ்சுவது சனி மாலையும் ஞாயிறும்தான்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்? படிவத்தைப் பார்த்தால் கால் மணி நேரம் என்று தோன்றும். உண்மையில் வீட்டுக்கு வீடு நடக்க வேண்டும், யார் வீட்டுப் பெண் என்று விசாரிப்பார்கள், டீ குடிக்காமல் அனுப்ப மாட்டார்கள், இலை விலை என்று ஆரம்பித்தால் மனக்குறை எல்லாம் சேர்ந்து வரும். (அந்த மனக்குறையில்தான் உங்கள் ஐந்தாம் அத்தியாயம் இருக்கிறது, அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள்.) ஆகவே முக்கால் மணி நேரம் வையுங்கள். சனி மாலை இரண்டு அல்லது மூன்று பேர், ஞாயிறு ஆறு அல்லது ஏழு பேர். வாரக் கடைசிக்கு ஒன்பது பேர். அறுபதுக்கு ஏழு வாரம்.

பிப்ரவரி 1-இலிருந்து ஏழு வாரக் கடைசி பின்னால் போனால் டிசம்பர் 20-இல் சர்வே தொடங்கியிருக்க வேண்டும். அதிலும் டிசம்பர் கடைசியையும் ஜனவரி தொடக்கத்தையும் ஒட்டி ஹெத்தையம்மன் பண்டிகை வரும். படுகர் ஊர்களில் அந்த நாட்களில் யாரும் உட்கார்ந்து படிவத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள், கேட்பதும் முறையில்லை. ஆகவே இரண்டு வாரக் கடைசியைக் கழித்துவிடுங்கள். தொடக்க நாள் டிசம்பர் 6 ஆகிறது. அதற்கு முன் நாலைந்து பேரிடம் படிவத்தைச் சோதித்துப் பார்த்துக் கைடு ஒப்புதல் வாங்க இரண்டு வாரம், படிவம் தயாரிக்க ஒரு வாரம். போய் நிற்கும் இடம் நவம்பர் 15.

சர்வேயைப் பின்னால் தள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். உறைபனிக் காலத்தில் கொழுந்து குறைவு, விவசாயிக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும். கோடை மழை விழுந்து இலை கூட ஆரம்பித்துவிட்டால் அவரைப் பிடிப்பது கஷ்டம்.

நவம்பர் 15 போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்று டிசம்பர் 15. அப்போது இந்தத் திட்டமே வீண்தானே?

பின்னோக்கிக் கணக்குப் போடுவதன் பலனே இங்கேதான் இருக்கிறது. முன்னோக்கிப் போட்டிருந்தால் இந்த ஒரு மாதப் பள்ளம் பிப்ரவரி கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும். இப்போதே தெரிந்துவிட்டது.

பள்ளத்தை அடைக்க மூன்று வழி உண்டு. முதல் வழி, காத்திருக்கும் நாட்களை வெட்டுவது. எல்லோருக்கும் முதலில் கை போகும் இடம் இதுதான்: "மேடம் ஒன்பது நாளில்லாமல் மூணே நாளில் தந்துவிடுவார்." இதைச் செய்யாதீர்கள், அது உங்கள் கையில் இல்லாத நாள்.

இரண்டாவது, ஒன்றையொன்று சாராத வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது. முதல் அத்தியாயமான அறிமுகமும், இரண்டாவதான முந்தைய ஆய்வுகளின் தொகுப்பும் ஒரு விவசாயியைக்கூடப் பார்க்காமலே எழுதக்கூடியவை. சிறு விவசாயி என்றால் யார், டீ போர்டு மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிப்பது, கூட்டுறவு ஃபேக்டரிக்கும் தனியார் ஃபேக்டரிக்கும் என்ன வித்தியாசம், இதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதும் பகுதி. சர்வே சனி ஞாயிறில் நடக்கிறது, இது திங்கள் முதல் வெள்ளி வரை மதிய இடைவேளையில் நடக்கும். ஒன்று முடிந்துதான் அடுத்தது என்று வரிசையில் நிற்க வைக்கத் தேவையில்லை.

மூன்றாவது, அளவைக் குறைப்பது. கணக்குப் போடுவோம். டிசம்பர் 21-க்குள் படிவம் தயார். 27, 28-இல் சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் என்று நாலைந்து பேரிடம் சோதனை. பண்டிகை நேரத்திலும் சித்தப்பா பதில் சொல்வார். ஜனவரி 5-க்குள் திருத்திக் கைடு ஒப்புதல். அப்புறம் ஜனவரி 10-11, 17-18, 24-25, 31-பிப்ரவரி 1 என்று நான்கு வாரக் கடைசி. வாரத்துக்கு ஒன்பது வீதம் 36 பேர். பொங்கல் விடுமுறையைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது கைச்சரக்காக இருக்கட்டும்.

அறுபது 36 ஆவதைக் கைடு ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தேதிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு டிசம்பரிலேயே போய்க் கேளுங்கள். ஒருவேளை அவர் 45 பேராவது வேண்டும் என்றால் பொங்கல் விடுமுறை உள்ளே வரும், அவ்வளவுதான். பிப்ரவரியில் 36 படிவத்தோடு போய் நின்றால் அதே எண்ணிக்கைக்கு வேறு அர்த்தம்.

ஒவ்வொரு கட்டத்திலும் ரெண்டு ரெண்டு நாள் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் பாதுகாப்புதானே? எதற்கு ஆறு நாளை மொத்தமாக ஒரே இடத்தில் விட வேண்டும்?

கூடுதல் நாள் அவசியம், அதில் சந்தேகமில்லை. 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களைப் போன்ற இறுதியாண்டு மாணவர்களைப் பற்றியதுதான். ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்னதன் சராசரி சுமார் 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். அதாவது கெட்டதை எல்லாம் நினைத்துப் பார்த்துச் சொன்ன கணக்கையும் தாண்டிவிட்டது.

ஆனால் அந்தக் கூடுதலைக் கட்டத்துக்குக் கட்டம் தூவினால் கரைந்துவிடும். அட்டவணைக்கு எட்டுக்குப் பதில் பத்து நாள் என்று எழுதிவிட்டால் வேலை பத்து நாளைக்கும் நீளும், சீக்கிரம் முடிந்தாலும் அடுத்ததை யாரும் உடனே தொடங்குவதில்லை. எந்தக் கட்டம் இழுக்கும் என்றும் முன்கூட்டியே தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில் வையுங்கள். அந்த இடம், உங்கள் வேலை முடிந்து பிறர் கைக்குப் போகும் வாசல். நம் உதாரணத்தில் பிப்ரவரி 27 முதல் மார்ச் 4 வரை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நிற்பது, கரண்ட் போவது, காய்ச்சல், லேப்டாப் மக்கர் எல்லாவற்றுக்கும் அந்த ஆறு நாள்தான்.

அந்த ஆறு நாளுக்கு ரிமைண்டர் வைக்காதீர்கள். பெயர்கூட வைக்காதீர்கள்.

ரிமைண்டர் வைத்தேன், அடித்தது, தள்ளிவிட்டேன். எனக்கு மட்டும் ஏன் வேலை செய்ய மாட்டேன் என்கிறது?

அதில் என்ன எழுதியிருந்தீர்கள்? பெரும்பாலும் "புராஜெக்ட் வேலை" அல்லது "சாப்டர் 4 டியூ". மணி அடித்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்திருப்பீர்கள். அந்த வரியைப் படித்தால் குற்ற உணர்ச்சிதான் வரும், கை எதையும் செய்யாது.

ரிமைண்டரை முடிவு நாளில் வைக்காமல் தொடக்க நாளில் வையுங்கள். அதில் நேரம், இடம், முதல் அசைவு மூன்றும் இருக்கட்டும். சில எடுத்துக்காட்டுகள்:

"சனி 4.30, பஸ் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக மேல் வரிசை. 3 படிவம், பேனா, பையில் இருக்கிறது."

"திங்கள் 1.10, நூலகம், ஜன்னல் மேசை. அட்டவணை 4.1 மட்டும்: நிலத்தின் அளவும் ஃபேக்டரியும்."

"வியாழன் காலை 9.40, துறை அறை. முழு டிராஃப்டை மேடம் கையில் கொடு. மேசையில் வைத்துவிட்டு வராதே."

இப்படி எப்போது, எங்கே என்று முன்பே முடிவுகட்டுவதால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதற்கு ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டரும் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று மாணவர்கள் இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஒரு நடைமுறை விஷயம். போன் காலண்டரில் பதிந்து வைத்த ரிமைண்டர் சிக்னல் இல்லாத வளைவிலும் அடிக்கும், அது போனுக்குள்ளேயே இருக்கிறது. தோழி வாட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்துவாள் என்று நம்பினால் சிக்னல் வந்த பிறகுதான் வரும். சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு போட்டிருந்தால் காலண்டர் அறிவிப்பு தாமதமாகும். தவறவே கூடாத இரண்டு மூன்று கட்டத்துக்கு மட்டும் அலாரமாகவே வைத்துவிடுங்கள்.

அப்படியென்றால் இப்போதே உட்கார்ந்து மார்ச் வரைக்கும் எல்லா ரிமைண்டரையும் போட்டுவிடவா?

வேண்டாம். மூன்று மாதத்துக்கு முப்பது நாற்பது ரிமைண்டர் போட்டால், முதல் சறுக்கலிலேயே மீதி எல்லாம் பொய்த் தேதியாகிவிடும். பொய்த் தேதி அடிக்க அடிக்க அதைத் தள்ளிவிடும் பழக்கம் விரலுக்கு வந்துவிடும். அப்புறம் உண்மையானது அடித்தாலும் தள்ளுவீர்கள்.

சங்கிலியாக வையுங்கள். ஒரு நேரத்தில் இரண்டே ரிமைண்டர் உயிரோடு இருக்கட்டும்: இப்போது நடக்கும் கட்டத்துக்கு ஒன்று, அது கைமாற வேண்டிய நாளுக்கு ஒன்று. கட்டம் முடிந்ததும், எழுந்து போவதற்கு முன், அடுத்த கட்டத்துக்கு இரண்டைப் போடுங்கள். போடுவதே அந்தக் கட்டத்தின் கடைசி வேலை.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முடித்தால்தான் அடுத்தது பிறக்கும் என்றால், முடிக்காமல் நின்றுபோனால் சங்கிலி ஊமையாகிவிடும். ஜனவரியில் ஒரு வாரம் சளிக் காய்ச்சல், சர்வே நின்றது, அடுத்த ரிமைண்டர் யாரும் போடவில்லை. போன் அமைதியாக இருக்கிறது, உங்களுக்கும் எல்லாம் சரியாகப் போவதுபோல் ஒரு நிம்மதி. கண்விழித்தால் பிப்ரவரி பத்து.

அதனால் சங்கிலியோடு சேராத காவல் ரிமைண்டர் மூன்றை மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். இவை எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தத் தேதியில் அடிக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணிக்கையும், அது இல்லாவிட்டால் செய்ய வேண்டியதும் எழுதியிருக்க வேண்டும்.

முதல் காவல் ஜனவரி 18, ஞாயிறு இரவு 8 மணி: "நிரம்பிய படிவம் 18 இருக்கிறதா? 12-க்குக் கீழே என்றால் நாளைக்கே கைடிடம் போய் 27 போதுமா என்று கேள். 12-க்கு மேல், 18-க்குக் கீழே என்றால் குடியரசு தினத் திங்கட்கிழமையை எடுத்துக்கொள்." இரண்டாவது பிப்ரவரி 8: "படிவம் எல்லாம் எக்செல்லில் இருக்கிறதா? இல்லையென்றால் அட்டவணையைப் பன்னிரண்டிலிருந்து எட்டாகக் குறை." மூன்றாவது பிப்ரவரி 22: "நான்காம் அத்தியாயம் முழுசாக இருக்கிறதா? இல்லையென்றால் அதை மட்டும் முடி, ஐந்தாவது அந்த ஆறு நாளில்."

அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் மனசு சமாதானம்தான் தேடும். அதனால்தான் முடிவை இப்போதே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

தேதிக் கணக்கை விரலில் எண்ணித் தப்பு வருகிறது. ஷீட்டில் போட முடியுமா?

முடியும். கூகுள் ஷீட்ஸோ எக்செல்லோ, எதுவானாலும் சரி. A பத்தியில் கட்டத்தின் பெயர், கடைசிக் கட்டம் மேலே. B-இல் அதற்கு ஆகும் நாள். C-இல் அது முடிய வேண்டிய தேதி. C2-இல் மட்டும் டெட்லைனைக் கையால் எழுதுங்கள். C3-இல் இதை எழுதிக் கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=WORKDAY.INTL(C2,-B2,11,$F$2:$F$15)
```

11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை, சனி வேலை நாள். F பத்தியில் பொங்கல், குடியரசு தினம், உள்ளூர் விடுமுறை என்று தேதிகளை எழுதிவிட்டால் அவற்றையும் தாண்டிப் போகும். சரிபார்க்க: C2-இல் மார்ச் 24, B2-இல் 3 போட்டுப் பாருங்கள். இடையில் விடுமுறை இல்லையென்றால் மார்ச் 20, வெள்ளி வர வேண்டும். தேதிக்குப் பதில் ஏதோ ஐந்திலக்க எண் வந்தால் பயப்படாதீர்கள், அந்தச் செல்லின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் போதும்.

கைடு படிக்கும் ஒன்பது நாளை வேலை நாளாக எண்ணக்கூடாது, அவர் ஞாயிறும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார். அந்த வரிசைக்குக் கீழே மட்டும் சாதாரணக் கழித்தல், உதாரணமாக `=C5-B5`. வாரக் கடைசி சர்வேக்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம், காலண்டரைப் பார்த்துக் கையால் எழுதுங்கள்.

ஆப் எதுவும் பிடிக்கவில்லை. நோட்டில் எழுதினால் போதாதா?

போதும். காவல் ரிமைண்டர் மூன்று மட்டும் போனில் இருக்கட்டும், நோட்டு தானாக அடிக்காது.

திடீரென்று டெட்லைனை ஒரு வாரம் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்னால் தள்ளினால் ஆயிற்றா?

ஷீட்டில் மேல் தேதியை மாற்றினால் எல்லாம் நகர்ந்துவிடும், ஆனால் நீங்கள் அதோடு விடக்கூடாது. அறிவிப்பு எப்போது வந்தது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

ஜனவரியில் வந்தால் சர்வேயில் ஒரு வாரக் கடைசி போகும், அதாவது ஒன்பது பேர். கைடிடம் சொல்லிவிட்டு 27-உடன் நிறுத்தலாம், அல்லது பொங்கல் விடுமுறையைச் செலவழிக்கலாம். பிப்ரவரி நடுவில் வந்தால் சர்வே முடிந்துவிட்டது, அங்கே குறைக்க ஒன்றுமில்லை. அந்த ஆறு நாளை முழுசாகச் செலவழித்துவிடுங்கள், அது இதற்காக இருப்பதுதான். மார்ச் 5-க்குப் பிறகு வந்தால் உங்கள் கையில் இருப்பது திருத்தத்துக்கான ஐந்து நாள் மட்டுமே. அப்போது அன்றைக்கே கைடைப் பார்த்து, முழுதும் படித்து முடிக்கும் வரை காத்திருக்காமல் அத்தியாயம் அத்தியாயமாகத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் ஓடும்.

14ஆம் தேதி வந்துவிட்டது, மேடம் இன்னும் டிராஃப்டைத் தரவில்லை. ஞாபகப்படுத்தினால் கோபித்துக்கொள்வார்களோ?

14-இல் ஞாபகப்படுத்தினால் சங்கடம்தான், இருவருக்கும். அதனால் டிராஃப்டைக் கொடுக்கும் அன்றே நடுவில் ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: "மேடம், பத்தாம் தேதி செவ்வாய் மதியம் வந்து முதல் மூன்று அத்தியாயத்துக்கான திருத்தத்தை வாங்கிக்கொள்ளவா?" அவர் சரி என்றால் அது அவரே ஒப்புக்கொண்ட தேதி. பத்தாம் தேதி நீங்கள் போய் நிற்பது தொந்தரவு ஆகாது, சொன்னபடி வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் தொடக்கூட இல்லை என்று தெரிந்தாலும் நான்கு நாள் முன்பே தெரிந்துவிட்டது.

கொடுக்கும்போது டிராஃப்டின் முதல் தாளில் பென்சிலால் மூன்று தேதி எழுதிக் கொடுங்கள்: கொடுத்தது 5, பாதி வாங்க வருவது 10, பிரிண்டுக்குப் போவது 20. விடைத்தாள் கட்டுக்கு நடுவில் உங்கள் தாள் கிடக்கும்போது அந்தத் தேதிகள் உங்களுக்காகப் பேசும். உங்கள் ரிமைண்டர் உங்களுக்கு மட்டும்தான் அடிக்கும், அவருக்கு இல்லை.

14 தாண்டியும் வரவில்லை என்றால், வந்தவரை திருத்தத்தைப் போட ஆரம்பித்துவிடுங்கள். பக்க எண், பொருளடக்கம், அட்டவணைத் தலைப்பு இவற்றுக்கு அவருடைய கருத்து தேவையில்லை. ஐந்து நாள் திருத்தத்தில் பாதி இந்த வேலைதான்.

பைண்டிங் கடைக்கு எப்போது போய்ப் பேசுவது? அதற்கும் ரிமைண்டர் வேண்டுமா?

வேண்டும், பிப்ரவரி முதல் வாரத்தில் ஒன்று. கடைக்காரரிடம் நாலு விஷயம் கேளுங்கள்: மார்ச் மூன்றாவது வாரத்தில் எத்தனை நாள் ஆகும், ஞாயிறு கடை உண்டா, அட்டையில் எழுத்து அச்சடிக்கத் தனியாக நாள் ஆகுமா, பிரிண்டும் அங்கேயே எடுக்கலாமா அல்லது வேறிடத்தில் எடுத்துக்கொண்டு வர வேண்டுமா. ஐந்து நாள் என்று சொன்னால் B பத்தியில் 3-ஐ 5 ஆக்குங்கள், அதற்குக் கீழே உள்ள எல்லாத் தேதியும் இரண்டு நாள் முன்னால் வரும். பிப்ரவரியில் தெரிந்தால் அந்த இரண்டு நாளை ஆறிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அட்டை நிறம், பிரதி எத்தனை, சான்றிதழ்ப் பக்கத்தின் வாசகம் இவற்றைத் துறை அலுவலகத்தில் கேட்டு அதே நாளில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணையும் கைடு பெயரின் இனிஷியலையும் வேறு ஒருவரை விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைண்டு ஆன பிறகு அந்தப் பக்கத்தில் தப்பு கண்டுபிடித்தால் திரும்ப மூன்று நாள்.